போன் இன்டர்வியூவில் நான் பேசி முடித்ததும் எதிர்முனை அமைதியாகிவிடுகிறதே, அங்கே என்னதான் நடக்கிறது?

பாலாற்றங்கரை | மார்ச் 3, இரவு 9.40

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு தோல் ஏற்றுமதி கம்பெனியில் ஆறு வருஷமாக டாக்குமென்டேஷன் வேலை பார்க்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், சரியான காகிதம் கொடுத்தால் பணம் தருகிறேன் என்று வாங்குபவரின் வங்கி உறுதி கொடுக்கிற எல்.சி.க்காக வங்கிக்குப் போகிற காகிதங்கள், எல்லாம் என் மேஜைதான். போன வாரம் சென்னை கம்பெனி ஒன்றிலிருந்து போனிலேயே இன்டர்வியூ, 25 நிமிஷம். கேள்வி எதுவும் கஷ்டமில்லை. ஆனால் நான் ஒவ்வொரு பதிலையும் முடித்ததும் அந்தப் பக்கம் நாலைந்து வினாடி ஒரு சத்தமும் இல்லை. பிடிக்கவில்லை போல என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வேன், அதே நேரம் அவரும் ஆரம்பிப்பார், "சொல்லுங்க சார்", "இல்ல நீங்க சொல்லுங்க" என்று இரண்டு பேரும் முட்டிக்கொள்வோம். இது ஏழெட்டு தடவை நடந்தது. நேற்று மெயில் வந்தது, கம்யூனிகேஷன் போதாதாம்.

நேரில் உட்கார்ந்தால் இப்படி ஆகாது. எதிரே இருப்பவர் தலையாட்டுகிறாரா, வாட்சைப் பார்க்கிறாரா என்று பார்த்தே பேச்சை நீட்டுவேன், குறைப்பேன். போனில் அது இல்லை என்றால் என் மாதிரி ஆளுக்கு இது நியாயமே இல்லாத தேர்வு. யாராவது இதைத் தாண்டி வந்திருக்கிறீர்களா?

முள்ளுக்கத்தரி | மார்ச் 3, இரவு 10.15

இதெல்லாம் குரல் விஷயம் சார். நின்றுகொண்டு பேசுங்க, சிரித்த முகமாகப் பேசுங்க, சத்தமாகப் பேசுங்க. ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்துவிட்டால் கை ரெண்டும் ஃப்ரீ, கையை ஆட்டிப் பேசினால் குரல் தானாக ஏறும். நான் இப்படித்தான் ரெண்டு வேலை வாங்கினேன்.

குடியாத்தம்_கைலி | மார்ச் 4, காலை 7.05

போனிலேயே வேலை கொடுக்கிறேன் என்று சொன்னாலே ஏமாற்று வேலை தம்பி. என் அக்கா மகனிடம் இப்படித்தான் பத்து நிமிஷம் இங்கிலீஷில் பேசி, செலக்டட் என்று சொல்லி, பயிற்சிக் கட்டணம் 3,500 ரூபாய் கட்டச் சொன்னார்கள். கட்டினான். அப்புறம் அந்த நம்பரே உயிரோடு இல்லை. விட்டது சனியன் என்று இருங்க.

பாலாற்றங்கரை | மார்ச் 4, காலை 8.20

அண்ணா, இவர்கள் பணம் எதுவும் கேட்கவில்லை, வேலைதான் தரவில்லை.

சத்துவாச்சாரி_மாடிவீடு | மார்ச் 4, பிற்பகல் 2.50

நான் பதினோரு வருஷம் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், முதலில் பெங்களூரில், அப்புறம் சென்னையில். ஒரு நாளைக்கு எட்டு, பத்து போன் இன்டர்வியூ. அந்த நாலு வினாடி அமைதியில் என்ன நடக்கிறது என்று கேட்கிறீர்கள் இல்லையா, நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

எங்கள் முன்னால் ஒரு படிவம் திறந்திருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கட்டம். நீங்கள் சொன்னதில் அந்தக் கட்டத்தில் போட எது தேறும் என்று யோசித்து இரண்டு வரி அடிக்க நாலைந்து வினாடி ஆகும். அந்த நேரத்தில் நீங்கள் மறுபடி ஆரம்பித்தால் இரண்டு நஷ்டம். பாதி அடித்த வரி அறுந்து போகும், நீங்கள் புதிதாகச் சேர்ப்பது பெரும்பாலும் முதலில் சொன்னதைவிடப் பலவீனமாக இருக்கும். கடைசியில் கட்டத்தில் விழுவது அதுதான், ஏனென்றால் கடைசியாகக் காதில் விழுந்தது அது. "கம்யூனிகேஷன் போதாது" என்று நானே பல பேருக்கு எழுதியிருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் இங்கிலீஷ் குறை இல்லை, பதில் எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியாமல் போனதுதான்.

முள்ளுக்கத்தரி சொன்னதில் நிற்பதும் சிரிப்பதும் சரி. ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். காதை நன்றாகத் தீட்டி வைத்துக்கொண்டால் எதிர்முனையில் டைப் அடிக்கும் சத்தம் கேட்கும், அதுதான் உங்களுக்குத் தலையாட்டல்.

பாலாற்றங்கரை | மார்ச் 4, இரவு 9.10

அக்கா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த ஆள் என்னைப் பிடிக்காமல் மௌனமாக இருக்கிறார் என்று நினைத்து அவருக்கு அனுப்ப ஒரு கோப மெயில்கூட எழுதி வைத்திருந்தேன். நல்லவேளை அனுப்பவில்லை. ஆனால் டைப் அடிக்கும் சத்தம் எனக்குச் சுத்தமாகக் கேட்கவில்லையே?

கேபின்_காட்பாடி | மார்ச் 5, காலை 6.30

31 வருஷம் டெலிபோன் துறை. ஓய்வு பெற்றுவிட்டேன், வாய் ஓய்வு பெறவில்லை.

அந்த அம்மா சொன்னது பழைய லேண்ட்லைன் காலத்துக்குச் சரி. இன்றைய மொபைலில் கீபோர்டு சத்தத்தைப் போனே இரைச்சல் என்று எடுத்துக் கீழே போட்டுவிடும். அதோடு இன்னொன்று. எதிர்முனையில் பேச்சு நின்றால் அவர் போன் ஒலியைத் தொடர்ந்து அனுப்பாது, பாட்டரி மிச்சம். இங்கே இருக்கும் உங்கள் போன்தான் லைன் செத்துவிட்டது என்று நீங்கள் நினைக்கக்கூடாதே என்று தானாகவே லேசாக ஒரு "ஸ்ஸ்" உற்பத்தி பண்ணிக் காதில் ஊதும். நீங்கள் கேட்ட மௌனம் அவருடையதே இல்லை, உங்கள் போன் செய்தது. அதில் போய் அர்த்தம் தேடினால் எப்படி?

முட்டிக்கொள்வதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு மொபைலிலிருந்து இன்னொரு மொபைலுக்குக் குரல் போய்ச் சேர ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும், சில சமயம் அதற்கும் மேல். அவர் கேள்வியை முடித்துவிட்டார் என்று உங்களுக்குத் தெரிவதே தாமதம், நீங்கள் ஆரம்பித்தது அவருக்குப் போய்ச் சேர்வது இன்னொரு தாமதம். நேரில் பேசுகிற வேகத்தில் பாய்ந்தால் முட்டத்தான் செய்யும். கேள்வி முடிந்ததும் மனசுக்குள் "ஒன்று" என்று எண்ணிவிட்டு வாயைத் திறங்கள்.

ஸ்பீக்கர் ஏன் ஆகாது என்றால், உங்கள் ஸ்பீக்கரில் வரும் அவர் குரல் உங்கள் மைக்கிலேயே ஏறி அவருக்கே எதிரொலியாகப் போகக்கூடாது. அதற்காகப் போன் ஒரு பக்கம் பேசும்போது மறுபக்கத்தை அமுக்கும். அவர் நடுவே "ம்" என்று சொன்னாலும் உங்கள் வார்த்தையில் இரண்டு எழுத்து காணாமல் போகும்.

முள்ளுக்கத்தரி | மார்ச் 5, காலை 9.00

ரெண்டு வேலை வாங்கினேனே ஐயா.

கேபின்_காட்பாடி | மார்ச் 5, காலை 9.12

நாலு வாங்கியிருப்பீங்க.

சத்துவாச்சாரி_மாடிவீடு | மார்ச் 5, காலை 11.40

கீபோர்டு சத்தம் கேட்கும் என்றுதான் நான் இன்னும் சொல்வேன். எத்தனையோ பேர் "மேடம் டைப் பண்றீங்க போல, முடிச்சுக்கோங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் ஹெட்செட்டில், ஆபீஸ் லைனில் பேசுவோம், அதனால் இருக்கலாம். கேட்காவிட்டால் சந்தேகப்படாதீர்கள் என்று வேண்டுமானால் மாற்றிச் சொல்கிறேன்.

ஆம்பூர்_தம்பி | மார்ச் 5, மாலை 6.25

எனக்குப் போன மாசம் ஒரு போன் இன்டர்வியூ. அந்தப் பக்கம் டைப் அடிச்சாங்களா தெரியல, எங்க வீட்டுக் குக்கர் அவங்களுக்கு நல்லா கேட்டிருக்கு. ரெண்டாவது கேள்விக்கு மூணு விசில். "யூ கேன் டர்ன் இட் ஆஃப்" என்றாங்க. நான் எதையோ நினைச்சு கேமராவே ஆன்ல இல்லீங்க மேடம் என்றேன்.

பாலாற்றங்கரை | மார்ச் 6, இரவு 10.05

தம்பி, வயிறு வலிக்குது.

சரி, நான் உட்கார்ந்து என் பழைய பதில் ஒன்றை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். கேள்வி இது: வேலையில் ஒரு சிக்கலை எப்படிச் சமாளித்தீர்கள்? நான் கம்பெனி எந்த வருஷம் ஆரம்பித்தது, எந்தெந்த நாட்டுக்கு அனுப்புகிறோம், எங்கள் மேனேஜர் எப்படிப்பட்டவர் என்று ஆரம்பித்து, விஷயத்துக்கு வரவே ஒன்றரை நிமிஷம் ஆகியிருக்கிறது. மொத்தம் நாலு நிமிஷம் இருக்கும். நேரில் என்றால் எதிரே இருப்பவர் முகம் சுருங்குவதைப் பார்த்துத் தாவியிருப்பேன். இங்கே யாரும் சுருங்கவில்லை, அதனால் நானும் நிற்கவில்லை.

முதல் பதிவில் இது நியாயமில்லாத தேர்வு என்று எழுதியிருந்தேன். அதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எதிராளியின் முகத்தை நம்பிப் பேசியே பழகியவன் நான், பேச்சுக்குள்ளேயே அடையாளம் வைக்கும் பழக்கமே எனக்கு இல்லை. அக்கா, அந்தக் கட்டத்தில் விழுகிற மாதிரி ஒரு பதில் எப்படி இருக்கும்?

சத்துவாச்சாரி_மாடிவீடு | மார்ச் 7, பிற்பகல் 3.30

முதல் வாக்கியத்தில் முழுக் கதையையும் சொல்லிவிடுங்கள், செய்தித்தாள் தலைப்பு மாதிரி. இரண்டாவது வாக்கியத்தில் எத்தனை பகுதி என்று சொல்லுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். நீங்கள் "மூன்று" என்றதும் நான் கட்டத்தில் 1, 2, 3 என்று போட்டுக்கொண்டு காத்திருப்பேன், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், மூன்றாவது முடிந்ததும் நானே பேச ஆரம்பித்துவிடுவேன். மொத்தம் ஒரு நிமிஷம், போனால் ஒன்றரை. கடைசியில் முடிந்துவிட்டது என்று வாயால் சொல்லுங்கள். நேரில் சாய்ந்து உட்கார்ந்தாலே புரியும், போனில் சொன்னால்தான் புரியும்.

உங்கள் எல்.சி. கதை ஒன்று சொல்லுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

பாலாற்றங்கரை | மார்ச் 7, இரவு 11.20

இதுதான் கதை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஷிப்மென்ட். எல்.சி.யில் சரக்கு விவரம் ஒரு மாதிரி இருந்தது, எங்கள் இன்வாய்ஸில் பழைய வாடிக்கையாளருக்குப் போட்ட வாசகமே அப்படியே வந்துவிட்டது. ஷூ மேல்பாகத்துக்கான ஆட்டுத்தோல் என்று இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஆட்டுத்தோல். தோல் சரியான தோல்தான், ஆனால் இன்வாய்ஸில் உள்ள விவரம் எல்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும் என்பது விதி, வங்கி முரண்பாடு என்று காகிதங்களை நிறுத்திவிட்டது. சரக்கு ஏறிய நாளிலிருந்து 21 நாளுக்குள் காகிதம் போய்ச் சேர வேண்டும், எல்.சி.யின் கெடுவும் தாண்டக்கூடாது. 13 நாள் போயிருந்தது. எட்டு நாள் கையில்.

அக்கா சொன்னபடி மாற்றி எழுதினால் இப்படி வருகிறது (பேசப்போவது இங்கிலீஷில்தான், இங்கே தமிழில் போடுகிறேன்):

"எல்.சி.யோடு எங்கள் இன்வாய்ஸ் வாசகம் ஒத்துப்போகாமல் வங்கி நிறுத்திய காகிதங்களைக் கெடு முடிவதற்குள் திருத்திப் பணத்தை வாங்கிய சம்பவம் இது. மூன்று பகுதியாகச் சொல்கிறேன்: தவறு என்ன, நான் என்ன செய்தேன், அப்புறம் என்ன மாற்றினேன். ஒன்று, தவறு. பழைய கோப்பிலிருந்து சரக்கு விவரத்தை நகல் எடுத்தது நான்தான். இரண்டு, செய்தது. வங்கி சொன்ன அன்றைக்கே எல்.சி.யை வரிவரியாக வைத்து மற்றக் காகிதங்களிலும் அதே பிழை இருக்கிறதா என்று பார்த்தேன், பேக்கிங் லிஸ்டிலும் இருந்தது, இரண்டையும் திருத்தி மூன்றாம் நாள் திரும்பக் கொடுத்தோம், ஐந்து நாள் மிச்சம் இருந்தது. மூன்று, மாற்றியது. இப்போது பழைய கோப்பிலிருந்து எடுப்பதில்லை, சரக்கு விவரம் எல்.சி.யிலிருந்து மட்டும்தான் வரும், வங்கிக்குப் போகும் முன் என்னைத் தவிர இன்னொருவரும் டிக் போடுவார். இவ்வளவுதான். வங்கிப் பக்கம் விவரம் வேண்டுமானால் சொல்கிறேன்."

கடிகாரம் வைத்து வாசித்தேன், 70 வினாடி.

சத்துவாச்சாரி_மாடிவீடு | மார்ச் 8, காலை 10.15

தவறு உங்களுடையது என்று முதலிலேயே சொன்னது நல்லது. ஒரே குறை, இதை அப்படியே மனப்பாடம் பண்ணினால் தெரிந்துவிடும். வாசிக்கிற குரலில் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரே ஏற்ற இறக்கம் வரும், போனில் வேறு எதுவும் இல்லாததால் அது இன்னும் பளிச்சென்று தெரியும். ஒரு தாளில் ஆறு சொல் மட்டும் எழுதி வையுங்கள்: எல்.சி. வாசகம், 21 நாள், பேக்கிங் லிஸ்ட், மூன்றாம் நாள், இரண்டாவது டிக், முடிந்தது. மீதியை அப்போது பேசிக்கொள்ளலாம். தாள் ஒன்றே ஒன்று, புரட்ட வேண்டியிருக்கக் கூடாது, சரசர என்று கேட்கும்.

முள்ளுக்கத்தரி | மார்ச் 8, மாலை 5.50

குரலைப் பற்றி யாருமே பேச மாட்டேன் என்கிறீர்கள். என் அனுபவத்தில் கொஞ்சம் கத்தினால்தான் சுறுசுறுப்பாகக் கேட்கும்.

கேபின்_காட்பாடி | மார்ச் 8, இரவு 8.40

கத்தக் கூடாதுங்க. போனில் சத்தத்தின் அளவைப் போன் தானே சமன் செய்துவிடும். நீங்கள் கத்தினால் மைக் உடைந்த மாதிரி கரகரக்கும், வேறு பலன் இல்லை. எதிர்முனைக்குப் போய்ச் சேர்வது உங்கள் குரலின் ஏற்ற இறக்கமும் வேகமும்தான். சிரிக்கச் சொன்னது சும்மா இல்லை. உதடு இரண்டு பக்கமும் இழுபடும்போது தொண்டையிலிருந்து உதடு வரையுள்ள குழாய் சற்றுக் குட்டையாகிறது, குரல் பளிச்சென்று மாறுகிறது, முகம் பார்க்காமலே கேட்பவருக்கு அது தெரியும். நாதஸ்வரத்துக்கும் முகவீணைக்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நின்றால் வயிறு மடங்காது, மூச்சு முழுசாக வரும், வாக்கியத்தின் கடைசிச் சொல் வரை காற்று மிஞ்சும்.

அந்தக் கடைசிச் சொல்தான் முக்கியம். நம்மில் பலபேருக்கு வாக்கியக் கடைசியில் குரல் தொண்டைக்குள் போய்விடும். மெதுவான குரலை இரைச்சல் என்று நினைத்துப் போன் வெட்டும். இங்கிலீஷில் எண் பல சமயம் கடைசியில்தான் வந்து உட்காரும்.

பாலாற்றங்கரை | மார்ச் 8, இரவு 9.30

எண் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த இன்டர்வியூவில் இப்போதைய சம்பளம் கேட்டார்கள், 4.60 லட்சம் என்றேன், "ஃபோர் சிக்ஸ்டி". பின்னால் வந்த மெயிலில் 4.16 என்று இருந்தது. எனக்கு அது அப்போது தட்டச்சுப் பிழை போலத்தான் தெரிந்தது.

கேபின்_காட்பாடி | மார்ச் 8, இரவு 9.55

பிழை இல்லை, காது. சாதாரணப் போன் லைனில் 300லிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் ஒலி போகும். "ஸ", "ஃப" மாதிரிச் சத்தங்களின் உயிர் அதற்கு மேலே இருக்கிறது, அது அடிபட்டுவிடும். சிக்ஸ்டி, சிக்ஸ்டீன் இரண்டுக்கும் வித்தியாசமே கடைசியில் வருகிற மூக்கொலியும் எந்த அசையில் அழுத்துகிறீர்கள் என்பதும்தான், அதையும் நீங்கள் விழுங்கிவிட்டால் கேட்பவர் என்ன செய்வார். எண்ணை இலக்கமாகப் பிரித்துச் சொல்லுங்கள்: ஃபோர், பாயின்ட், சிக்ஸ், ஜீரோ. மெயில் முகவரியில் எஸ்ஸா எஃபா என்று வரும்போது எஸ் ஃபார் சேலம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு பக்கமும் VoLTE, நல்ல லைன் என்றால் 7,000 வரை போகும், தெளிவாக இருக்கும், ஆனால் அவர்கள் பக்கம் என்ன லைன் என்று உங்களுக்குத் தெரியாது.

குடியாத்தம்_கைலி | மார்ச் 9, காலை 7.30

எல்லாம் படித்தேன். ஒன்றும் புரியவில்லை, நன்றாக இருக்கிறது. அக்கா மகன் விஷயத்தில் 1930 என்ற நம்பரில் புகார் கொடுக்கலாம் என்று ஒருத்தர் சொன்னார், கொடுத்திருக்கிறோம்.

பாலாற்றங்கரை | மார்ச் 15, இரவு 8.15

ஒரு வாரம் கழித்து வருகிறேன். இன்னொரு கம்பெனி, இதுவும் சென்னை, 19ஆம் தேதி காலை 11 மணிக்குக் கூப்பிடுவார்கள். இப்போது பிரச்சினை அறை. எங்கள் வீடு மெயின் ரோட்டை ஒட்டி, லாரி ஹாரன் தாங்காது. மாடியில் ஒரு காலி அறை இருக்கிறது, டைல்ஸ் போட்டு ஒரு சாமான் இல்லாமல். அங்கேயிருந்து ஆற்காட்டில் இருக்கும் நண்பனுக்குப் போன் போட்டேன், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது என்றான். ஹாரன் குறைவு, எதிரொலி அதிகம். அப்புறம் நண்பனின் காரை வீட்டுக்குப் பின்னால் புளியமரத்தடியில் நிறுத்தி உள்ளேயிருந்து பேசினேன், இரைச்சலும் இல்லை எதிரொலியும் இல்லை, சீட்டெல்லாம் துணி. ஏழாவது நிமிஷம் இட்லிக் குண்டானில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. மார்ச் மாச வெயிலில் ஏசி இல்லாமல் கண்ணாடி மூடி உட்காருவது சாத்தியமில்லை, ஏசி போட்டால் ப்ளோயர் சத்தம்.

கடைசியில் அம்மா அரிசி மூட்டையும் மெத்தை, தலையணையும் வைத்திருக்கும் உள்ளறை. அங்கேதான் நன்றாகக் கேட்டது என்கிறான். சிக்னல் மட்டும் ஒரு கோடு.

கேபின்_காட்பாடி | மார்ச் 15, இரவு 9.00

மெத்தை எதிரொலியைக் குடிக்கும், நல்ல இடம். வீட்டில் வைஃபை இருந்தால் போன் செட்டிங்ஸில் வைஃபை காலிங்கை ஆன் பண்ணுங்கள், ஒரு கோடு பிரச்சினை தீர்ந்தது. சீலிங் ஃபேன் ஒரே சீராக ஓடினால் போன் அதைப் பெரும்பாலும் வடிகட்டிவிடும், டேபிள் ஃபேன் காற்று நேராக மைக்கில் அடித்தால் வடிகட்ட முடியாது. போனைப் பிடிக்கும்போது மேலே, பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையை விரலால் மூடாதீர்கள், இரைச்சலை அளக்கும் இரண்டாவது மைக் அது. கால் வெயிட்டிங்கை நிறுத்த

```
#43#
```

அடித்துப் பாருங்கள், திரும்பப் போட `*43#`. சில சிம்மில் இது எடுக்காது, அப்போது செட்டிங்ஸில் போய்த்தான் நிறுத்த வேண்டும்.

அந்த வைஃபை டப்பாவுக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் போனால் அதுவும் போகும்.

ஆம்பூர்_தம்பி | மார்ச் 15, இரவு 9.20

அம்மாகிட்ட 11 மணிக்கு அரிசி எடுக்க வராதீங்கன்னும் சொல்லிடுங்க அண்ணா.

பாலாற்றங்கரை | மார்ச் 19, மாலை 4.40

முடிந்தது. ஆரம்பமே சோதனை. 10.58க்கு 044 நம்பர் ஒன்று வந்தது, என் போனில் இருக்கும் ஆப் அதைச் சிவப்பில் ஸ்பேம் என்று காட்டியது, முதல் ரிங்கை விட்டுவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. நல்லவேளை வைக்கவில்லை.

31 நிமிஷம். கேள்வி கேட்டது ஒரு பெண்மணி. இரண்டாவது கேள்வியே சிக்கலைச் சமாளித்த கதை. எல்.சி. கதையைச் சொன்னேன், "மூன்று பகுதி" என்றதும் அந்தப் பக்கம் "ஓகே, கோ அஹெட்" என்றார். முடித்து "தட்ஸ் ஆல்" என்றேன். அமைதி. மனசுக்குள் எண்ணிக்கொண்டு இருந்தேன், ஆறு வரை போனது. அரிசி மூட்டையை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஆறாவது எண்ணில் அவர் சொன்னது, "அந்த இரண்டாவது டிக் போடுபவர் யார்?" அவ்வளவு நேரமும் எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்!

சொதப்பியதும் இருக்கிறது. நடுவில் ஒரு கேள்வி சரியாகக் கேட்கவில்லை, கேட்டதாக நினைத்துப் பதில் சொன்னேன், அவர் கேட்டது வேறு. ஒரு நிமிஷம் வீண். "நீங்கள் கேட்டது இதுதானே" என்று ஒரு வரி திருப்பிக் கேட்டிருக்க வேண்டும், அதற்கு மூன்று வினாடி ஆகியிருக்கும். நின்றுகொண்டே பேசியதில் கடைசிப் பத்து நிமிஷம் கால் வலி, குரலிலும் அது இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். முழு நேரமும் நிற்க வேண்டுமா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம்.

முள்ளுக்கத்தரி | மார்ச் 19, மாலை 5.15

முடிக்கும்போது என்ன சொன்னீங்க? நான் எப்பவும் தேங்க்யூ சொல்லி வெச்சிடுவேன்.

பாலாற்றங்கரை | மார்ச் 19, இரவு 10.00

போன தடவை நானும் அதேதான். இந்தத் தடவை "உங்களுக்குக் கேள்வி ஏதும் உண்டா" என்றதும் தாளில் எழுதி வைத்ததைக் கேட்டேன். அங்கே மாசத்துக்கு எத்தனை எல்.சி. கையாளுகிறார்கள், எத்தனை பேர் அந்த மேஜையில் என்று. பதில் சொல்லும்போது அவர் குரலே மாறியது, அதுவரை படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தவர் சாதாரணமாகப் பேச ஆரம்பித்தார். அப்புறம், நான் சொன்னதில் எதுவாவது தெளிவில்லாமல் இருந்தால் இப்போதே சொல்கிறேன் என்றேன். உடனே நோட்டீஸ் பீரியட் தேர்ட்டியா, தேர்ட்டீனா என்று கேட்டார். மூன்று, ஜீரோ, முப்பது நாள் என்றேன். அதைக் கேட்காமல் வைத்திருந்தால் பதின்மூன்று நாளில் வருகிறேன் என்று எழுதியிருப்பார்கள்.

கடைசியாக, அடுத்த கட்டம் என்ன, எப்போதைக்குள் தெரியும், தெரியாவிட்டால் யாரிடம் கேட்பது என்று கேட்டேன். 26ஆம் தேதிக்குள் என்றார், தன் மெயிலைச் சொன்னார், எழுத்து எழுத்தாகத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டேன். அவர் வைக்கும்வரை நான் வைக்கவில்லை. மாலையில் நாலு வரி மெயில், அதில் இரண்டாவது டிக் பற்றி அவர் கேட்டதற்கு இன்னும் ஒரு வரி.

எதிர்பார்க்கும் சம்பளம் மட்டும் கேட்டார், நான் முதலில் அவர்கள் அளவைக் கேட்டேன், அவர் சிரித்துவிட்டு விட்டார். அது சரியா தப்பா தெரியவில்லை.

சத்துவாச்சாரி_மாடிவீடு | மார்ச் 20, பிற்பகல் 1.30

நானாக இருந்தால் விடமாட்டேன், என் படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் மேலே அனுப்பவே முடியாது. ஒரு எண் சொல்லியிருக்கலாம்.

வைப்பது பற்றி ஒன்று. ஒரு பையன் நன்றாகப் பேசினான், தேங்க்யூ மேடம் என்றான், ஆனால் போன் கட் ஆகவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் "அப்பாடா, மொக்கை போட்டுக் கொன்னுட்டாங்க" என்றான். முழுசாகக் கேட்டேன்.

ஆம்பூர்_தம்பி | மார்ச் 20, பிற்பகல் 1.45

எடுத்தீங்களா இல்லையா அக்கா?

சத்துவாச்சாரி_மாடிவீடு | மார்ச் 20, பிற்பகல் 2.10

எடுத்தேன். மொக்கைதான் போட்டேன் அன்றைக்கு.

கேபின்_காட்பாடி | மார்ச் 20, மாலை 6.00

சம்பள விஷயத்தில் தம்பி செய்தது சரி என்பேன். முதலில் எண் சொன்னவன் கை கட்டப்பட்டுவிடும்.

சத்துவாச்சாரி_மாடிவீடு | மார்ச் 20, மாலை 6.20

லைனைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன். இதில் நான் சொல்வதுதான்.

பாலாற்றங்கரை | மார்ச் 27, காலை 11.50

26 முடிந்தும் ஒன்றும் வரவில்லை. இன்று காலை அவர் சொன்ன மெயிலுக்கு இரண்டு வரி எழுதினேன், அரை மணியில் பதில். அடுத்த சுற்று உண்டு, டாக்குமென்டேஷன் மேலாளர் பேசுவாராம், இதுவும் போனில்தான், ஏப்ரல் 2 காலை 10.30. எதிர்பார்க்கும் சம்பளத்தை முன்கூட்டியே எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள், ஆக அக்கா ஜெயித்தார்.

இப்போதுதான் பேப்பர் பார்த்தேன். 2ஆம் தேதி எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 முதல் மாலை வரை மின்தடை. ஐயா, அந்த வைஃபை டப்பாவை இன்வெர்ட்டரில் மாட்ட எந்த வயர் வாங்கணும்?